இணையதளத்துக்குக் கொடுத்த 8 லட்சம்: சொத்தா, செலவா?

கரூர்க் கணக்கர்

வணக்கம். கரூரில் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். படுக்கை விரிப்பு, துண்டு, திரைச்சீலை நெய்து விற்கிறோம். இதுவரை கடைக்காரர்களுக்கு மட்டும்தான் சரக்கு போனது. வீட்டுக்காரர்களுக்கு நேரடியாக விற்கலாம் என்று போன வருஷம் ஓர் இணையதளம் செய்தோம். ஆர்டர் போடுவது, பணம் கட்டுவது, கிடங்கில் இருப்பு குறைவது எல்லாமே அதற்குள்ளேயே நடக்கிறது. 10.11.2024 முதல் ஓடுகிறது.

செய்து கொடுத்தவர் அனுப்பிய பில்லில் ஒரே வரிதான்: இணையதள உருவாக்கக் கட்டணம் 8,00,000, ஜி.எஸ்.டி. 1,44,000. மார்ச் 2025 கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை. முதலாளி மொத்தத்தையும் சொத்தாகக் காட்டச் சொல்கிறார். எங்கள் புரோகிராமர் பையன் சம்பளத்தையும் அதில் சேர்க்கச் சொல்கிறார். அக்டோபரில் வங்கி லிமிட் புதுப்பிக்க வேண்டும், லாபம் குறையக்கூடாது என்பது அவர் கவலை. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து வந்த தம்பியோ, "வெப்சைட் என்றால் விளம்பரம், எல்லாமே செலவு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படிப் பார்ப்பது?

மலைக்கோட்டை

இதில் குழப்பமே இல்லை சார். ஒரு வருஷத்துக்கு மேல் பலன் தருவது எதுவானாலும் மூலதனச் செலவுதான். இணையதளம் நாலைந்து வருஷம் ஓடும். ஆகவே 8 லட்சமும் சொத்து. கம்ப்யூட்டர் தலைப்பில் போட்டு, கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி 3 வருஷம் தேய்மானம் போடுங்கள், 5 சதவீதம் மீதி வையுங்கள். நாங்கள் எல்லா மென்பொருளுக்கும் அப்படித்தான் செய்கிறோம்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

மலைக்கோட்டை சொன்னதில் பாதி சரி. பலன் பல வருஷம் வர வேண்டும் என்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஊழியருக்குப் பயிற்சி கொடுத்தால் அதன் பலனும் பல வருஷம் வரும். நல்ல விளம்பரத்தின் பலனும் அப்படித்தான். இரண்டையும் நாம் சொத்தாக எழுதுவதில்லை. அந்தப் பலன் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதன் அடக்கத்தைத் தனியாக அளக்க முடிய வேண்டும். தொட முடியாத சொத்துகளுக்கான ஏ.எஸ். 26 கேட்பது இதைத்தான். சின்ன கம்பெனி என்பதால் அந்தத் தரநிலையில் இருந்து விலக்கு கிடையாது.

தேய்மானம் பற்றியும் ஒரு திருத்தம். 3 வருஷம், 5 சதவீத மீதி என்பதெல்லாம் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு. தொட முடியாத சொத்தைக் கணக்குத் தரநிலைப்படி பாருங்கள் என்று இரண்டாம் அட்டவணையே ஏ.எஸ். 26 பக்கம் தள்ளிவிடுகிறது. மீதி மதிப்பு பொதுவாகப் பூஜ்யம். மென்பொருள் சீக்கிரம் பழசாகிவிடும் என்பதால் 3 முதல் 5 வருஷம் வைப்பது வழக்கம்.

கரூர்த் தம்பிக்கு: "இணையதளம் சொத்தா, செலவா" என்று கேட்டால் விடை வராது. அந்த 8 லட்சத்துக்கு என்னென்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். பில் ஒரே வரியாக இருக்கலாம், கொட்டேஷன் அப்படி இருந்திருக்காது. அதை எடுத்து இங்கே போடுங்கள். பேச்சு எந்தத் தேதியில் தொடங்கியது, ஆர்டர் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும்.

கரூர்க் கணக்கர்

கொட்டேஷன் மெயிலில் கிடைத்தது ஐயா. மே, ஜூன் மாதங்களில் மூன்று பேரிடம் டெமோ பார்த்தோம். எந்தத் தளத்தில் செய்யலாம், கொரியர் எப்படி இணையும் என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுக்க, இப்போது செய்து கொடுத்தவரே 60,000 வாங்கினார். 10.07.2024 அன்று போர்டு தீர்மானம் போட்டு அவருக்கே ஆர்டர் கொடுத்தோம். மீதி இப்படி:

பக்க வடிவமைப்பு 1,10,000
ஆர்டர், பணம் கட்டுதல், கிடங்கு இருப்போடு இணைக்கும் புரோகிராம் 3,20,000
400 பொருளுக்குப் போட்டோ, விவரம் எழுதுதல் 1,40,000
ஊழியர் பயிற்சி 30,000
ஒரு வருஷ ஹோஸ்டிங் 40,000
ஒரு வருஷப் பராமரிப்பு 40,000
தேடலில் முன்னால் வரவும், தொடக்க விளம்பரத்துக்கும் 60,000

எங்கள் பையனுக்கு மாதம் 35,000 சம்பளம். ஜூலையில் இருந்து நவம்பர் வரை நான்கு மாதம் பாதி நேரம் இந்த வேலை, பாதி நேரம் வழக்கமான வேலை. நவம்பருக்குப் பிறகும் இரண்டு மாதம் பிழை திருத்திக்கொண்டிருந்தான்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அருமை. இனி வேலை சுலபம்.

முதலில் 60,000. எதைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டுமா என்று தேடிய காலத்துச் செலவு அது. அந்த நேரத்தில் இணையதளம் வரும் என்றே நிச்சயம் இல்லை. அறிக்கையைப் படித்துவிட்டு வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தால் கையில் எதுவும் இருந்திருக்காது. ஆகவே செலவு. அதே ஆளுக்குத்தான் பிறகு ஆர்டர் போனது என்பதால் இது மாறாது.

ஜூலை 10 தான் உங்கள் கோடு. என்ன செய்யப் போகிறோம் என்று முடிவாகிவிட்டது, பணம் ஒதுக்கியாகிவிட்டது, செய்யத் தெரிந்த ஆள் இருக்கிறார், முடிந்ததும் அதன் வழியே விற்பனை வரும் என்று காட்ட முடிகிறது. போர்டு தீர்மானம் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பல சின்ன கம்பெனிகளில் இந்தத் தேதிக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அந்த நாளில் இருந்து நவம்பர் 10 வரை தளத்தை உருவாக்கவே ஆன செலவு சொத்துக்குள் போகும்: வடிவமைப்பு 1,10,000, புரோகிராம் 3,20,000. பையன் சம்பளத்தில் பாதி, நான்கு மாதத்துக்கு 70,000. மொத்தம் சரியாக 5,00,000.

போட்டோவும் விவரமும் 1,40,000. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தளத்துக்குள் இருக்கிறது, ஆகவே தளத்தின் பகுதி என்று நினைக்கிறோம். ஆனால் ஒரு விரிப்பைப் படம் எடுத்து, "மென்மையானது, சாயம் போகாது" என்று எழுதுவது பொருளை விற்கச் செய்யும் விளம்பரம். அச்சடித்த கேட்டலாக் போட்டிருந்தால் செலவு என்றுதானே எழுதியிருப்பீர்கள்? திரைக்கு மாறியதால் தன்மை மாறாது. பயிற்சி 30,000, தேடல் விளம்பரம் 60,000 இரண்டும் செலவுதான். ஆக, இந்த வருஷமே முழுசாகக் கழியும் தொகை 60,000, 1,40,000, 30,000, 60,000 சேர்ந்து 2,90,000.

ஹோஸ்டிங்கும் பராமரிப்பும் 80,000 ஒரு வருஷத்துக்கானது. நவம்பர் 10 முதல் மார்ச் 31 வரை 142 நாள். 31,123 இந்த வருஷச் செலவு, 48,877 முன்கூட்டிச் செலுத்தியது.

சொத்தான 5,00,000-க்கு 4 வருஷ ஆயுள் வைத்தால் வருஷத்துக்கு 1,25,000. 142 நாளுக்கு 48,630. தேய்மானத்தைத் தளம் பயன்பாட்டுக்குத் தயாரான நாளில் இருந்து எண்ண வேண்டும். ஆர்டர் நிறைய வர ஆரம்பித்த நாள் வரை காத்திருக்கக்கூடாது.

ஜி.எஸ்.டி. 1,44,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால் அதை அடக்கத்தில் சேர்க்காதீர்கள். வரியையும் அடக்கத்தில் சேர்த்து அதன்மேல் வருமான வரித் தேய்மானம் கேட்டால், உள்ளீட்டு வரி கிடைக்காது.

மலைக்கோட்டை

ஐயா, இரண்டாம் அட்டவணை விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் நவம்பருக்குப் பிறகு இரண்டு மாதம் பிழை திருத்தினானே, அந்தச் சம்பளம் ஏன் சேராது? பிழை இல்லாத தளம்தானே சொத்து?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

பொதுமக்கள் ஆர்டர் போட ஆரம்பித்த பிறகு செய்தது, இருப்பதை இருந்தபடி ஓட வைக்கும் வேலை. தறியை ஓட்டிக்கொண்டே எண்ணெய் விடுவது மாதிரி. அது செலவு. நாளைக்கு மொத்த வியாபாரிகளுக்குத் தனி லாகின், தனி விலை என்று முதலில் திட்டமே இல்லாத ஒன்றைச் சேர்த்தால், முன்பு வராத வருமானம் அதில் வரும் என்று காட்ட முடிந்தால், அதைச் சொத்தில் கூட்டலாம். பொத்தானின் நிறத்தை மாற்றியதற்கும் வேகத்தைக் கூட்டியதற்கும் அப்படிச் செய்ய முடியாது.

நெல்லை மருந்து மொத்த வியாபாரம்

நல்ல இழை. என்னுடைய கதையையும் கேளுங்கள். பில் போட ஒரு மென்பொருள் வைத்திருக்கிறோம், பிரவுசரில் திறக்கும் வகை. தள்ளுபடி கிடைத்ததால் 3 வருஷத்துக்குச் சேர்த்து 1,08,000 கட்டினேன். மென்பொருள் என்பதால் சொத்தில் போட்டு 40 சதவீதத் தேய்மானம் எடுத்துவிட்டேன். நானும் புரோகிராம் பங்கு, பயிற்சிப் பங்கு என்று பிரிக்க வேண்டுமா?

குறியீட்டாளர்

ஆடிட்டர் ஐயா மன்னிக்கவும், நான் கணக்குக்காரன் இல்லை, நிரல் எழுதுகிறவன். இருந்தாலும் நெல்லை அண்ணனிடம் ஒரு கேள்வி. நாளைக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

நெல்லை மருந்து மொத்த வியாபாரம்

ஒன்றும் மிஞ்சாது தம்பி. லாகின் பூட்டிவிடும். பழைய பில்களை எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

குறியீட்டாளர் கேட்டதுதான் கட்டுப்பாடு என்பதன் பொருள். அந்த மென்பொருள் உங்களுடையது இல்லை. அவர்கள் சர்வரில் இருப்பதைப் பயன்படுத்தக் கட்டணம் கொடுக்கிறீர்கள், கடை வாடகையை முன்கூட்டிக் கொடுத்த மாதிரி. வருஷத்துக்கு 36,000 செலவு, மீதி முன்கூட்டிச் செலுத்தியது. பிரிக்க எதுவும் இல்லை. வருமான வரியில் எடுத்த 40 சதவீதத்தையும் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லித் திருத்துங்கள்.

குறியீட்டாளர்

அப்படியானால் கரூர் அண்ணனும் இதைப் பார்த்தாக வேண்டும். மூலக் குறியீடு உங்கள் கையில் இருக்கிறதா? டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? சர்வர் கணக்கு யாருடையது? செய்து கொடுத்தவர் தன் சொந்தத் தளத்தில் உங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தால், நெல்லை அண்ணன் நிலைதான் உங்களுக்கும்.

பையன் பாதி நேரம் வேலை செய்தான் என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? டைம்ஷீட் இல்லையென்றால் குறியீட்டுக் களஞ்சியத்தில் எந்தெந்த நாள் வேலை பதிவானது என்று எடுக்கலாம்:

```
git log --author="dev1" --since="2024-07-10 00:00:00" --until="2024-11-10 23:59:59" \
  --date=short --format="%ad" | sort | uniq -c
```

ஒவ்வொரு தேதிக்கும் எத்தனை பதிவு என்று வரும். `dev1` இருக்கும் இடத்தில் அவர் பெயரை எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

இப்படி ஒரு சான்று கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. நல்லது. ஆனால் இது நாளைக் காட்டும், மணியைக் காட்டாது. பத்து நிமிஷம் உட்கார்ந்தாலும் ஒரு பதிவு விழும். ஆகவே டைம்ஷீட்டுக்குத் துணையாக வைக்கலாம், தனியாக நிற்காது. நடந்து முடிந்த பிறகு நினைவில் இருந்து எழுதும் டைம்ஷீட்டைவிட, அந்தந்த வாரம் எழுதிய நோட்டு எவ்வளவோ மேல்.

கரூர்க் கணக்கர்

பார்த்தேன். மூலக் குறியீடு எங்கள் களஞ்சியத்தில் இருக்கிறது, ஒப்பந்தத்திலும் அது எங்களுடையது என்று எழுதியிருக்கிறது. டொமைன் மட்டும் செய்து கொடுத்தவர் பெயரில் இருக்கிறது! இதுவரை யாரும் கவனிக்கவே இல்லை. மாற்றித் தரச் சொல்லி இன்றே மெயில் போட்டுவிட்டேன். பையன் வாரா வாரம் என்ன செய்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதையும் இந்தப் பட்டியலையும் ஒப்பிட்டேன், அக்டோபரில் ஒரு வாரம் தவிர எல்லாம் ஒத்துப்போகிறது. அந்த வாரம் காய்ச்சல் என்று நோட்டிலேயே இருக்கிறது.

முன்னாள் வங்கிக் கடன் பிரிவு

முதலாளியின் கவலைக்கு நான் பதில் சொல்கிறேன். பதினெட்டு வருஷம் சின்ன நிறுவனங்களின் பேலன்ஸ் ஷீட்டைத்தான் படித்தேன். மொத்தத்தையும் சொத்தாகக் காட்டினால் வங்கியில் நல்ல பெயர் கிடைக்கும் என்று நினைக்கிறார். நாங்கள் நிகர மதிப்பைப் பார்க்கும்போது தொட முடியாத சொத்தைக் கழித்துவிட்டுத்தான் பார்ப்போம். மூலதனமும் ரிசர்வும் சேர்ந்து 60 லட்சம், அதில் இணையதளம் 8 லட்சம் என்றால், எங்கள் தாளில் அது 52 லட்சம். செலவாக எழுதியிருந்தாலும் அதே 52-தான் வரும். கடனுக்கும் நிகர மதிப்புக்கும் உள்ள விகிதம் ஒரு துளிகூட நகராது.

லாபம் கூடத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் விற்பனை அதே அளவில் இருக்க, லாபமும் தொட முடியாத சொத்தும் ஒரே வருஷத்தில் சேர்ந்து ஏறினால் முதல் கேள்வியே அங்கேதான் வரும். கொட்டேஷன், தீர்மானம், பிரித்த தாள் மூன்றையும் எடுத்து வைத்தால் கேள்வி ஐந்து நிமிஷத்தில் முடியும். இல்லாவிட்டால் மற்ற எண்களின் மேலும் சந்தேகம் விழும்.

வரி வழக்கறிஞர்

கணக்குப் புத்தகம் முடிந்தது, வருமான வரிக்கு வருவோம். புத்தகத்தில் சொத்து என்று எழுதினால் வரியிலும் சொத்துதான் என்று கட்டாயம் இல்லை. கணக்கில் எழுதிய விதம் வரியை முடிவு செய்யாது என்று 1971-லேயே கேதார்நாத் ஜூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீண்ட காலப் பலன் என்ற ஒரே அளவுகோலை எல்லா இடத்திலும் வைக்க முடியாது என்று 1980-இல் எம்பயர் ஜூட் வழக்கிலும் சொன்னது. இணையதளத்துக்கே நேரடியாக, 2008-இல் இந்தியன் விசிட் டாட் காம் வழக்கில், அந்தச் செலவு வருவாய்ச் செலவு என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது.

ஆகவே கரூர்க்காரர் புத்தகத்தில் 5,00,000-ஐச் சொத்தாக வைத்துக்கொண்டு, ரிட்டர்னில் முழுசாகச் செலவு கேட்கலாம். சொத்து என்றே போனால் மென்பொருளுக்கு 40 சதவீதம். 180 நாளுக்குக் குறைவான பயன்பாடு என்பதால் அதில் பாதி, 20 சதவீதம், அதாவது 1,00,000 மட்டுமே இந்த வருஷம் கிடைக்கும். 4,00,000 வித்தியாசம். 25.168 சதவீத விகிதத்தில் இருந்தால் 1,00,672 வரி இந்த வருஷம் மிச்சமாகும். நான் என்றால் கேட்பேன்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

நான் என்றால் இரண்டு முறை யோசிப்பேன் அம்மா. அது டெல்லித் தீர்ப்பு. கரூர் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருவது. தவிர, கம்பெனியைப் பற்றிச் சொல்லும் தளம் வேறு, கடையே தளமாக இருப்பது வேறு. இவர்கள் புதிதாக ஒரு விற்பனை வழியையே உண்டாக்கியிருக்கிறார்கள். அதிகாரி இதை மூலதனம் என்று எடுத்தால் பேச இடம் இருக்கிறது. அந்த 1,00,672-ம் நிரந்தரமாக மிச்சமாவது இல்லை. அடுத்தடுத்த வருஷங்களில் தேய்மானமாக எப்படியும் வரப்போவதை முன்னால் இழுக்கிறோம், அவ்வளவுதான். அதற்காக ஒரு சின்ன கம்பெனி மேல்முறையீடு வரை போக வேண்டுமா?

வரி வழக்கறிஞர்

வேறு உயர் நீதிமன்றத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வலுவான துணை. கணக்கீட்டுத் தாளில் வெளிப்படையாக எழுதிக் கேட்டால் மறைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. நெசவுத் தொழிலில் கையில் இருக்கும் ஒரு லட்சத்துக்கு நூல் வாங்கலாம் ஐயா. காலம் தள்ளிப்போவதற்கும் ஒரு விலை உண்டு.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அது முதலாளி எடுக்க வேண்டிய முடிவு. அப்படிக் கேட்டால் ஒன்றை மறக்கக்கூடாது. புத்தகத்தில் மார்ச் 31 அன்று சொத்து 4,51,370 நிற்கும், வரியில் பூஜ்யம். அந்த வித்தியாசத்துக்கு ஏ.எஸ். 22 படி ஒத்திவைத்த வரிப் பொறுப்பு 1,13,600 எழுத வேண்டும். வரி மிச்சமானதால் புத்தக லாபம் கூடிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

யாழ் கணக்காளர்

இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிறிய நிறுவனங்களுக்கு எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். தொகுதியில் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தரநிலையைப் பின்பற்றுகிறோம். அதில் உள்ளுக்குள் உருவாக்கும் மென்பொருளின் ஆராய்ச்சிச் செலவும் சரி, உருவாக்கச் செலவும் சரி, அந்த ஆண்டே செலவாகிவிடும். ஜூலை 10 கோடு, வாராந்தக் கொப்பி எல்லாம் எங்களுக்குத் தேவைப்படாது. வெளியாளிடம் ஆயத்தமாக வாங்கிய மென்பொருளைத்தான் சொத்தாக எடுக்கிறோம். அதனால் இங்கே வருகிற தகராறு வேறு மாதிரி: வெளியாள் நமக்கென்றே எழுதித் தந்தது வாங்கியதா, உருவாக்கியதா என்பதுதான். இரண்டு நாட்டிலும் கிளை வைத்திருக்கிறவர்கள் கவனியுங்கோ, ஒரே பில்லுக்கு இரண்டு பதில் வரக்கூடும்.

கரூர்க் கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. பிரித்த தாளை முதலாளியிடம் காட்டினேன். வங்கி நண்பர் சொன்ன 52 லட்சக் கணக்கைத்தான் இரண்டு முறை படித்தார். சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் இன்னொரு விஷயம் கிளம்பியிருக்கிறது. 2022-23-இல் ஒரு தனி ஆளிடம் இதே மாதிரி தளம் செய்யச் சொல்லி 1,50,000 கொடுத்தோம். பாதியில் ஆள் காணாமல் போய்விட்டார். அந்தத் தொகை இன்றைக்கும் பேலன்ஸ் ஷீட்டில் "உருவாக்கத்தில் உள்ள தொட முடியாத சொத்து" என்று நிற்கிறது. முதலாளி, "அந்த அனுபவத்தில்தானே இதைச் சரியாகச் செய்தோம், அதையும் இந்த 5 லட்சத்தோடு சேர்" என்கிறார்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

பழைய குறியீட்டில் ஒரு வரியாவது இந்தத் தளத்தில் இருக்கிறதா?

கரூர்க் கணக்கர்

இல்லை ஐயா. பையனிடம் கேட்டேன். திறந்தே பார்க்கவில்லையாம்.

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

அப்படியானால் சேர்க்க முடியாது. அனுபவம் கம்பெனியின் மனிதர்களிடம் இருக்கிறது, அதைச் சொத்தாக எழுத வழியில்லை. இந்த 1,50,000 இதுவரை பேலன்ஸ் ஷீட்டில் இருந்ததே தவறு. 2021-இல் மூன்றாம் அட்டவணையைத் திருத்தியபோது, இந்தத் தலைப்புக்கு வயதுப் பட்டியல் கேட்டார்கள்: ஒரு வருஷத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று. நின்றுபோன வேலையைத் தனியாகக் காட்ட வேண்டும். உங்கள் குறிப்பில் அந்த 1,50,000 எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வருஷா வருஷம் ஒரு கட்டம் தள்ளித் தள்ளிப் போயிருக்கும். இந்த வருஷம் கழித்துவிடுங்கள்.

மலைக்கோட்டை

இந்த வருஷச் செலவாகவா, முன்வருஷத் தவறாகவா? ஆள் 2023-லேயே ஓடிவிட்டார் என்றால் அப்போதே கழித்திருக்க வேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற ஆடிட்டர்

நல்ல கேள்வி, நான் தாண்டிப் போய்விட்டேன். வேலை நின்றுவிட்டது என்று 2023-லேயே தெரிந்தும் விட்டிருந்தால் அது முந்தைய காலத் தவறு. ஏ.எஸ். 5 படி இந்த வருஷ லாப நட்டத்தில் தனி வரியாகக் காட்ட வேண்டும். வேறு ஆளை வைத்து அதையே முடிக்கலாம் என்று 2024 ஜூலை வரை உண்மையாகவே எண்ணியிருந்தால், இந்த வருஷத்துச் செலவு. எது உண்மை என்று உங்கள் மெயில்கள்தான் சொல்லும்.

வரி வழக்கறிஞர்

கைவிட்ட வேலைக்கு வரியில் கழிவு கிடைக்குமா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. புதுத் தொழில் தொடங்கப் பார்த்துக் கைவிட்டதாக எடுத்தால் மூலதன நட்டம் என்பார்கள். நடக்கும் துணி வியாபாரத்தை விரிக்கப் பார்த்ததாகக் காட்டினால் வருவாய்ச் செலவு என்று வாதாடலாம். கேட்கலாம் என்றுதான் என் கருத்து. ஆனால் 5 லட்சத்தோடு கலக்காமல் தனி வரியில் கேளுங்கள்.

கரூர்க் கணக்கர்

இன்று ஆடிட்டரைப் பார்த்தேன். அவர் அலுவலகத் தம்பி "எல்லாம் விளம்பரம்" என்று சொன்னது பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல். அவர் எதிரிலேயே ஒரு துண்டுக்கு ஆர்டர் போட்டுக் காட்டினேன். கிடங்கு இருப்பு 212-இல் இருந்து 211 ஆனதைப் பார்த்த பிறகு 5,00,000-ஐ ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆயுளை 4 வருஷம் வேண்டாம், 3 வைக்கலாம் என்கிறார். இணையதளம் ஓடும் மென்பொருளின் இந்தப் பதிப்புக்கு அதற்கு மேல் ஆதரவு இருக்காது என்பது அவர் காரணம். பையனைக் கேட்டால் நாலு வருஷம் தாராளமாக ஓடும் என்கிறான். 3 என்றால் இந்த வருஷத் தேய்மானம் 64,840 ஆகிறது.

2023 மெயில்களைத் தேடினேன். கடைசி மெயில் பிப்ரவரி 2023. "வேறு ஆளைப் பார்ப்போம்" என்று முதலாளி எழுதியிருக்கிறார். அதை எந்தப் பக்கம் வைப்பது என்று ஆடிட்டரும் இன்னும் சொல்லவில்லை. டொமைன் நேற்று எங்கள் பெயருக்கு வந்துவிட்டது.

குறியீட்டாளர்

ஆதரவு முடியும் தேதியை அந்த மென்பொருளை வெளியிட்டவர்களின் பக்கத்திலேயே பார்க்கலாம் அண்ணே. பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள், தேடித் தருகிறேன். அந்தத் தேதியை அச்செடுத்து கோப்பில் வைத்தால் 3-ஆ 4-ஆ என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.